ரூல்ஸ் அக்காவும் ஆறாம் விதியும்

அந்த அலுவலகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவள் ரூல்ஸ் அக்கா. காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தரும் நிறுவனம் அது. நூற்று நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். மனிதவளப் பிரிவில் பத்தொன்பது ஆண்டாக உட்கார்ந்திருக்கிறாள். விடுப்பு விதி, வருகை விதி, அடையாள அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்கிற விதி எல்லாம் அவள் கைப்பட எழுதியவை. நாற்பத்தேழு வயது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுவாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், எதிரில் இருப்பவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை என்று தோன்றும்.

இந்த ஆண்டு அவள் உயிரை வாங்கியது, வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான விதிமுறை. அதைத் திருத்தி எழுதச் சொல்லி மூன்று மாதம் முன்பு உத்தரவு வந்தது. திருத்துவதற்குப் பழையதை எடுத்துப் படித்தவள், இரண்டாவது பக்கத்திலேயே மேசையில் தலையை முட்டிக்கொள்ளாத குறை. "தகுதியான ஊழியர்கள்" வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று முதல் விதி சொல்லியது. யார் தகுதி, யார் தகுதியில்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை. எட்டு மணி நேரத்தை ஊழியர் தன் வசதிப்படி முடிக்கலாம் என்றது இரண்டாம் விதி. வழக்கமான அலுவலக நேரம் முழுவதும் தொடர்பில் இருக்க வேண்டும் என்றது ஆறாம் விதி. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கிக்கொள்ளும் இந்த வேலையை எந்தப் புண்ணியவான் செய்தான் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினால், தயாரித்தவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்துதான் இருந்தது.

தொற்றுநோய் பரவி எல்லாரையும் திடீரென்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்த அந்த ஆண்டில், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒரே மணி நேரத்தில் எழுதியது. இரண்டாம் விதியைப் பழைய சுற்றறிக்கை ஒன்றிலிருந்து எடுத்தாள். ஆறாம் விதியை வருகை விதியிலிருந்து எடுத்து ஒட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை, அவளுக்கும்தான்.

நேரமில்லாமல் எழுதியதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தவள் வேறொருத்தி. சரிபார்ப்புப் பிரிவில் எறும்பு என்று ஒரு பெண். தலையைத் தூக்காமல் வேலை பார்ப்பதால் வந்த பெயர். அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. தினமும் மாலை நாலேகாலுக்கு உடற்பயிற்சி கொடுப்பவர் வருவார், கூட ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் எறும்பு காலை ஏழு மணிக்கே கணினியைத் திறந்து, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டு, நாலு மணிக்கு எட்டு மணி நேரத்தை முடித்துவிடுவாள். இரண்டாம் விதிப்படி அது சரி. நான்கு மாதம் முன்பு ஒரு நாள் நாலு பன்னிரண்டுக்கு அவளுடைய மேலாளர் செய்தி அனுப்பினார். பதில் நாலு ஐம்பதுக்கு வந்தது. ஆறாம் விதிப்படி அது குற்றம். அப்போதே எழுத்து எச்சரிக்கை கொடுத்தவர், இப்போது இந்த மாதக் கடைசியோடு வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி ரத்து என்றும் எழுதிவிட்டார். எறும்பின் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வர ஒரு பக்கம் மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும். தினமும் வா என்றால் அவள் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, பச்சை விளக்கு. அலுவலகச் செய்திச் செயலியில் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியைத்தான் அவர் வேலை என்று நம்பினார். பச்சை மஞ்சளாக மாறினால் அவருக்கு மூச்சு முட்டும்.

"நான் என்ன மேடம் கேக்குறேன்? கூப்பிட்டா இருக்கணும். அவ்வளவுதானே?" என்றார் முதல் கூட்டத்தில்.

"கூப்பிட்டா இருக்கணும். சரி. எப்போ கூப்பிட்டா?"

"ஆபீஸ் டைம்ல."

"ஆபீஸ் டைம்னா எத்தனை மணிக்கு எத்தனை மணி?"

"அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்!"

அந்த 'எல்லாருக்கும் தெரிஞ்சது'தான் ரூல்ஸ் அக்காவுக்குப் பரம விரோதி. அன்று மாலையே அவள் பதினோரு பேரிடம் வழக்கமான அலுவலக நேரம் எது என்று கேட்டு வைத்தாள். ஐந்து வெவ்வேறு பதில் வந்தது. ஒருவர் மட்டும் "நம்ம மேனேஜர் கிளம்புற வரைக்கும்" என்றார். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு வக்கீல் வந்தார். நிறுவனத்தின் சட்ட ஆலோசகர், நல்ல மனிதர். ஆனால் எந்த வாக்கியத்தைக் கையில் கொடுத்தாலும் அதில் 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு' என்பதைச் சேர்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவள் அனுப்பிய முதல் வரைவு திரும்பி வந்தபோது அந்தச் சொற்கள் பதினான்கு இடத்தில் இருந்தன.

"சார், பதினாலு இடத்துல நிர்வாகம் விரும்பினா மாத்தலாம்னா, மீதிப் பக்கத்தை எதுக்கு எழுதணும்? ஒரே வரியில 'உங்க மேனேஜர் மூடைப் பொறுத்தது'ன்னு போட்டுட்டுப் போயிடலாமே?"

"கம்பெனிக்குப் பாதுகாப்பு வேணும்மா."

"வேணும். மறுக்கிற உரிமையை வெச்சுக்கலாம். ஆனா ஏன் மறுக்கிறோம்னு எழுதித் தரணும். இன்னின்ன காரணத்துக்குத்தான் மறுக்கலாம்னு நாலே நாலு காரணத்தைப் பட்டியல் போட்டுடுவோம். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டாலும் உங்களுக்குப் பேச ஒரு பிடி இருக்கும்."

வக்கீல் மோவாயைத் தடவினார். பதினான்கு மூன்றானது. அதற்கு மூன்று வாரம் ஆனது.

வீட்டிலும் நிம்மதியில்லை. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பிட உட்கார்ந்தால் கிண்டல் ஆரம்பித்துவிடும்.

"ஏம்மா, எனக்கும் ஒரு ஃபார்ம் கொண்டா. பஸ்ஸை வாசல்ல நிறுத்திக்கிட்டு வீட்டுல இருந்தே ஓட்டுறேன்."

"சும்மா இருங்க. ஏற்கெனவே தலை வெடிக்குது."

"விளையாட்டுக்குச் சொல்லல. உங்க ஆபீஸ்ல கவுண்ட்டர்ல நிக்கிறவங்க இருக்காங்கல்ல? அவங்களுக்கு இதுல என்ன கெடைக்குது? ஒண்ணுமில்லன்னா, அவங்க வயிறு எரியத்தான செய்யும்?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததற்காக அவர்மேல்தான் எரிச்சல் வந்தது. மறுநாள் வரைவில் ஒரு பகுதி கூடியது: கவுண்ட்டர் வேலை வீட்டிலிருந்து செய்ய முடியாதது, ஏனென்றால் மக்கள் நேரில் வருகிறார்கள், ஆகவே அவர்களுக்கு வேலை முறைப் பட்டியல் இரண்டு வாரம் முன்னதாகவே கொடுக்கப்படும், தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ளவும் உரிமை உண்டு. தகுதி என்பது ஆளைப் பார்த்து இல்லை, வேலையைப் பார்த்து. ஒவ்வொரு பதவிக்கும் எதிரில் வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து செய்யலாம் என்று எண்ணாகவே போட்டாள்.

நேரத்துக்கும் ஒரு வழி பிறந்தது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் ஒன்றரை முதல் மூன்று வரை, இதுதான் பொது நேரம். வீட்டில் இருந்தாலும் அலுவலகத்தில் இருந்தாலும் இந்த மூன்றரை மணி நேரம் எல்லாரும் தொடர்பில் இருக்க வேண்டும். செய்திக்கு அரை மணிக்குள் பதில். மற்ற நேரத்தைக் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் நடுவில் ஊழியரே தேர்ந்து படிவத்தில் எழுதித் தருவார். பொது நேரத்துக்கு வெளியே வந்த செய்திக்கு அடுத்த பொது நேரத்தில் பதில் சொன்னால் போதும். பச்சைப் புள்ளி வருகைக்குச் சாட்சி ஆகாது. முடித்த கோப்பும் அதிலுள்ள பிழையும்தான் கணக்கு, அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு என்ன அளவோ அதே அளவு.

அந்தக் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டுப் பச்சை விளக்கு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்தார்.

"சரி மேடம், பச்சையை விட்டுடறேன். ஆனா எனக்கு ஒண்ணு வேணும். ஒரு வருஷத்துக்குள்ள எழுத்து எச்சரிக்கை வாங்கினவங்களுக்கு வீட்டு வேலை கிடையாதுன்னு போடுங்க. தெளிவா இருக்கும்ல? நீங்கதானே தெளிவு தெளிவுன்னு சொல்றீங்க?"

தெளிவாகத்தான் இருந்தது. எச்சரிக்கை உண்டு அல்லது இல்லை, பன்னிரண்டு மாதம் ஆயிற்று அல்லது ஆகவில்லை. வழவழா கொழகொழா எதுவும் இல்லை. மூன்று மாதச் சண்டையில் அவர் கேட்டு அவள் மறுக்க வேண்டியிராத முதல் விஷயம் அது. சந்தோஷமாகவே சேர்த்தாள். மூன்றாம் பகுதி, நான்காம் வரி.

ரூல்ஸ் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த விதியை எழுதினாலும், நடக்கக்கூடிய எட்டு நிகழ்ச்சிகளை எட்டு அட்டையில் எழுதுவாள். பெயர் இருக்காது. இரண்டு மேலாளர்களை இரண்டு வேறு அறைகளில் உட்கார வைத்து, விதியையும் அட்டைகளையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு எழுதச் சொல்லுவாள். இரண்டு பேர் பதிலும் ஒன்றாக இருந்தால் வாக்கியம் தேறியது. வேறாக இருந்தால் குறை படித்தவர்களிடம் இல்லை, வாக்கியத்தில். முதல் சுற்றில் எட்டுக்கு மூன்று ஒத்துப்போனது. இரண்டாம் சுற்றில் ஐந்து. "பள்ளிக்கூடத்துல கூட இவ்வளவு பரீட்சை எழுதல" என்று முனகிக்கொண்டே பயிற்சிப் பிரிவு மேலாளர் அம்மாள் உட்கார்ந்தார். எதிர் அறையில் பச்சை விளக்கு.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது மூன்றாம் சுற்று. எட்டுக்கு எட்டு.

அவள் விடைத்தாள்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை பார்த்தாள். ஒரு சொல்கூட முரண்டு பிடிக்கவில்லை. பத்தொன்பது ஆண்டில் மூன்றாம் சுற்றில் முழுவதும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. எழுந்து போய் தனக்குத்தானே ஒரு காபி வாங்கிக்கொண்டாள். பாதி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், 3.4-ஐச் சோதிக்கத் தானே அவசரமாக எழுதிப் போட்ட ஐந்தாவது அட்டையைச் சரியாகப் படித்தாள்.

"சரிபார்ப்பு ஊழியர். காலை ஏழு முதல் மாலை நாலு. கோப்பில் பிழை மிகக் குறைவு. பழைய ஆறாம் விதியின்படி நான்கு மாதம் முன்பு எழுத்து எச்சரிக்கை பெற்றவர். வீட்டிலிருந்து வேலை செய்யத் தகுதி உண்டா?"

பச்சை விளக்கு எழுதியிருந்தார்: இல்லை, 3.4. பயிற்சி அம்மாளும் எழுதியிருந்தார்: இல்லை, 3.4.

இரண்டு பேர் படித்ததும் சரி. எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல், பளிங்கு மாதிரி, எறும்பை வேலையை விட்டுத் துரத்தும் ஒரு விதியை அவள் எழுதி முடித்திருந்தாள். புதிய விதிப்படி எறும்பு செய்தது குற்றமே இல்லை. ஆனால் பழைய விதியின் குழப்பத்தில் வாங்கிய எச்சரிக்கையைச் சுமந்துகொண்டு புதிய விதியின் வாசலுக்கு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். தெளிவு, தெளிவு என்று அலைந்ததில் நியாயம் எங்கே போனது என்று பார்க்கவில்லை. அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. காபியைக் கழுவுமிடத்தில் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

3.4-ஐ எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தாள். எடுத்தால் பச்சை விளக்கு இன்னும் மூன்று மாதம் இழுப்பார். தவிர, உண்மையிலேயே வேலையை ஏமாற்றி எச்சரிக்கை வாங்கியவர்களும் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வரி இருக்கட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும்: பழைய ஆறாம் விதியின்படி, தொடர்பில் இல்லை என்பதற்காக மட்டும் கொடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் திரும்பப் பெறப்படுகின்றன, அவற்றை எதற்கும் கணக்கில் எடுக்கக்கூடாது. அவற்றைக் காரணமாகக் காட்டிச் செய்த ரத்தும் செல்லாது. எழுதுவதற்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இயக்குநர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பாடு.

கூட்ட அறையில் இயக்குநர், வக்கீல், பச்சை விளக்கு, அவள். பச்சை விளக்கு அந்த வரியைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அப்ப நான் தப்பா எச்சரிக்கை குடுத்தேன்னு எழுதறீங்களா? எழுதியிருந்ததைத்தான் மேடம் நான் படிச்சேன். ஆறாம் விதியில என்ன இருக்கு? தொடர்பில் இருக்கணும்னு இருக்கு. அவங்க இல்ல. நான் வேற என்ன செய்யணும்?"

"திரும்பப் பெற்றால் தவறை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்" என்று வக்கீல் இழுத்தார்.

இயக்குநர் பேனாவை மூடினார். "எனக்கு ஒரே கேள்விதான். எச்சரிக்கை தப்புன்னா, யார் தப்பு? ஊழியரா, மேனேஜரா? யாராவது ஒருத்தர்தானே?"

இந்த இடத்தில் மழுப்புவதற்கு ஆயிரம் வழி உண்டு. 'காலமாற்றத்துக்கேற்ப', 'நடைமுறைச் சிக்கல்களைக் கருத்தில் கொண்டு' என்று யார் தலையிலும் விழாத வாக்கியங்களை அவளே எத்தனையோ எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் அவளுடைய ஆண்டு மதிப்பீடு வேறு. ஒரு கணம் அந்த வாக்கியங்களில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த வேகத்தில் அதன்மேல் ஓர் அருவருப்பும் வந்தது.

"ரெண்டு பேரும் இல்ல சார். இவர் ஆறாம் விதியைப் படிச்சது சரி. அந்தப் பொண்ணு ரெண்டாம் விதியைப் படிச்சதும் சரி. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதி வெச்சது நான். தப்பு என்னோடது."

பச்சை விளக்கு தள்ளிய நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அதை எழுத்துல தருவீங்களா?" என்றார் இயக்குநர். "உங்க ஃபைல்லயும் போகும், தெரியும்ல?"

"தெரியும் சார். தரேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விதி ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததாலன்னு காரணம் போட்டுத் திரும்பப் பெற்றா, அது பாதுகாப்புதான்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் அவர் சேர்த்த வாக்கியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வெளியே வந்தபோது பச்சை விளக்கு கூடவே நடந்து வந்தார். "அன்னிக்கு நாலு பன்னெண்டுக்கு நான் அனுப்பினது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மேடம். கூட்டம் எத்தனை மணிக்குன்னு கேட்டிருந்தேன். அது என் காலண்டர்லயே இருந்துச்சு" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "அதை நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவர் சொல்வார் என்று அவள் நம்பவில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கையெழுத்தாகி வந்தது. ஆறு பக்கம். அனைவருக்கும் மின்னஞ்சலில் போகும் முன்னால் எறும்பைத் தொலைபேசியில் அழைத்தாள். முதல் மணி முழுவதும் அடிப்பதற்குள் எறும்பு எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா! இருக்கேன், இங்கதான் இருக்கேன்!"

குரலில் ஓடிவந்த மூச்சு இரைத்தது.

"பதறாத. நல்ல விஷயம்தான். உன் மெமோவைத் திரும்ப எடுத்தாச்சு. ரத்தும் செல்லாது. ஒண்ணாம் தேதில இருந்து நீ ஏழு டு நாலே பாக்கலாம், வாரம் நாலு நாள் வீட்டுல. உன்மேல எந்தத் தப்பும் இல்ல. நான் எழுதினது சரியில்ல, அதான்."

மறுமுனையில் எறும்பு நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"நாலு மாசமாச்சுக்கா" என்றாள் எறும்பு. நன்றி சொல்லவில்லை. "நாலு மாசமா குளிக்கப் போறப்பகூட போனைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி உள்ள எடுத்துட்டுப் போறேன். அம்மாவைத் தூக்கி உக்கார வைக்கிறப்ப போன் அடிச்சுச்சுன்னா ஒரு கையை விட்டுடறேன். போன வாரம் அம்மா சரிஞ்சுட்டாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா சரிஞ்சுட்டாங்க."

ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம். வருகை விதியிலிருந்து எடுத்து ஒட்டிய ஒற்றை வரி. ரூல்ஸ் அக்கா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எறும்பு அதற்குள் கேட்டுவிட்டாள்.

"அப்ப நாலு மணிக்கு மேல போன் அடிச்சா, நான் எடுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"மேனேஜர் அடிச்சாலும்?"

"யார் அடிச்சாலும். மறுநாள் பத்து மணிக்குச் சொன்னா போதும்."

"இது எழுத்துல இருக்காக்கா?"

"இருக்கு. நாலாவது பக்கம், மேல இருந்து மூணாவது வரி."

"படிங்க."

அவள் படித்தாள்.

"இன்னொரு வாட்டி படிங்கக்கா. அம்மா காதுல போனை வெக்கிறேன்."